அத்திரிபாச்சா கதையை ஆங்கிலப் படக்கதையாக்குதல்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டில் வளரும் குழந்தைகளுக்காக நம் ஊர்க் கதை ஒன்றை ஆங்கிலத்தில் படக்கதையாக எழுத முனைகிறவர்களுக்கு முதல் தடையாக நிற்பவை தமிழ்ச் சொற்கள். எந்தச் சொல்லை அப்படியே விடுவது, எதை மொழிபெயர்ப்பது, எதற்கு விளக்கம் எழுதுவது என்று பட்டியல் போடத் தொடங்கிக் கதையை மறந்துவிடுகிறோம். கதை எந்தச் சொல்லின்மேல் நிற்கிறது என்பதை முதலில் கண்டுகொண்டால் மற்றச் சொற்களைப் பற்றிய முடிவுகள் எளிதாகிவிடும். எல்லோருக்கும் தெரிந்த கொழுக்கட்டைக் கதையை எடுத்துக்கொண்டு இதைத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை செய்து காட்டுகிறேன். என் அக்காள் பிள்ளைகளுக்காக நானே இதை எழுதியபோது தவறிய இடங்களையும் அங்கங்கே சொல்கிறேன்.

கதையை நினைவுபடுத்திக்கொள்வோம். மாமியார் வீட்டு விருந்துக்குப் போன மருமகன் அங்கே கொழுக்கட்டை சாப்பிட்டான். அதன் சுவையில் மயங்கியவன், ஊருக்குப் போனதும் மனைவியைச் செய்யச் சொல்ல வேண்டும் என்பதற்காக, பெயர் மறந்துபோகாமலிருக்க ‘கொழுக்கட்டை, கொழுக்கட்டை’ என்று சொல்லிக்கொண்டே நடந்தான். வழியில் ஒரு வாய்க்கால் குறுக்கிட்டது. ‘அத்திரிபாச்சா’ என்று சொல்லித் தாண்டினான். தாண்டியதும் கொழுக்கட்டை மறந்துபோய், வாயில் அத்திரிபாச்சா ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து அத்திரிபாச்சா செய்து தரும்படி கேட்டான். அப்படி ஒரு பண்டமே தெரியாது என்று மனைவி சொல்ல, கோபத்தில் அடித்துவிட்டான். பக்கத்து வீட்டுப் பெண் வந்து பார்த்து, ‘ஐயோ, நெற்றி கொழுக்கட்டை போல வீங்கிவிட்டதே’ என்று பதற, ‘அதைத்தான் கேட்டேன்’ என்று அவன் குதித்தான்.

இந்தக் கதையை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. மறந்துபோன சொல்லைப் பற்றிய கதைகள் பல நாடுகளில் வழங்குகின்றன. நாட்டுப்புறக் கதைகளை வகைப்படுத்தும் ஆர்னே, தாம்சன், ஊத்தர் அட்டவணையில் இவற்றுக்கு 1687 என்ற எண்ணே இருக்கிறது. ஆகவே கதையின் எலும்புக்கூடு எந்த நாட்டுக் குழந்தைக்கும் புரியும். அதன்மேல் உள்ள சதை மட்டும் நம்முடையது. தன் பெயரை மறந்த ஈயின் கதையோ வேறு வகை. குதிரை கனைக்கும் ஓசையில் ‘ஈ’ கேட்பதுதான் அதன் முடிவு. ஆங்கிலத்தில் ஈயின் பெயர் அந்த ஓசைக்குள் வராது என்பதால் கதை கடைசிப் பக்கத்தில் செத்துவிடும். உங்கள் கதையின் திருப்பம் தமிழ்ச் சொல்லின் இரட்டைப் பொருளிலோ ஓசை ஒற்றுமையிலோ இருந்தால், முதல் முயற்சிக்கு வேறு கதையைத் தேடுவது நல்லது.

தேர்ந்த கதையைக் குறைந்தது மூன்று பேரிடம் வாய்மொழியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாய்மொழிக் கதைக்கு உரிமையாளர் இல்லை. ஆனால் ஓர் எழுத்தாளர் தம் நடையில் எழுதி வெளியிட்ட வடிவத்துக்கு உரிமை உண்டு. இந்தியச் சட்டப்படி அவர் மறைந்து 60 ஆண்டுகள்வரை அது நீடிக்கும். ஒரு நூலில் மட்டும் படித்துவிட்டு எழுதினால் அவர் சேர்த்த உரையாடல்கள் உங்களை அறியாமலே உங்கள் கையெழுத்துப் படிக்குள் வந்துவிடும்.

கதையின் சொல்லைக் கண்டுகொள்ளுதல்

இந்தக் கதையில் இரண்டு சொற்கள் தமிழாகவே இருந்தாக வேண்டும். ‘கொழுக்கட்டை’ ஒன்று, ‘அத்திரிபாச்சா’ மற்றொன்று. இரண்டையும் நடத்த வேண்டிய முறை நேர் எதிரானது.

என் முதல் படியில் கொழுக்கட்டையை ‘ஸ்வீட் டம்ப்ளிங்’ என்று மொழிபெயர்த்திருந்தேன். பொருளில் பெரிய பிழையில்லை. ஆனால் டம்ப்ளிங் என்ற சொல்லை ஆங்கிலம் பேசும் ஒருவன் எப்படி மறப்பான்? நாக்கில் நிற்காத, சொல்லச் சொல்ல இனிக்கிற, கொஞ்சம் கை நழுவினால் ஓடிவிடுகிற சொல்லாக இருந்தால்தான் மறதிக்கு நியாயம் பிறக்கும். வெளிநாட்டுக் குழந்தைக்குக் கொழுக்கட்டை என்ற சொல்லே அப்படிப்பட்டதுதான். நமக்கு அன்றாடமாகிப்போன அந்தச் சொல், அந்த மருமகனுக்கு எவ்வளவு புதிதாக இருந்ததோ அவ்வளவு புதிதாக அந்தக் குழந்தைக்கும் இருக்கிறது. இங்கே கதை தமிழில் இருப்பதைவிட ஆங்கிலத்தில் ஒரு படி கூடுதலாகவே வேலை செய்யும் என்பது என் கருத்து.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அவன் மறக்கும்போது குழந்தை மறந்திருக்கக் கூடாது. ‘அது இல்லை, கொழுக்கட்டை!’ என்று குழந்தை கத்துவதுதான் இந்தக் கதையின் முழு இன்பம். எனவே வாய்க்காலைத் தாண்டுவதற்கு முன்பே அந்தச் சொல் குழந்தையின் வாயில் ஊறியிருக்க வேண்டும். தாண்டுவதற்கு முந்தைய பக்கங்களில் அது பத்து முறையாவது ஒலிக்கும்படி நான் எழுதினேன். அவன் நடையின் தாளமாகவே அதை வைத்தால் திரும்பத் திரும்ப வருவது சலிப்புத் தராது: இடது காலுக்குக் ‘கொழுக்’, வலது காலுக்குக் ‘கட்டை’.

அத்திரிபாச்சாவுக்கோ விளக்கமே கூடாது. அது தாண்டும்போது மூச்சோடு வெளிவரும் ஒலி. நமக்கும் அதற்கு அகராதிப் பொருள் கிடையாது. எவருக்கும் பொருள் தெரியாத சொல்லுக்கு மொழிபெயர்ப்பும் தேவையில்லை. அதை ‘ஹப்’ என்றோ ‘ஹூப்லா’ என்றோ மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். மாற்றினால், வீட்டுக்கு வந்து ‘எனக்கு அத்திரிபாச்சா செய்து கொடு’ என்று கேட்கும்போது அது ஒரு தின்பண்டத்தின் பெயராக ஒலிக்காது. அந்தச் சொல்லுக்குத்தான் பலகாரத்தின் கனமும் நீளமும் இருக்கின்றன.

அடி விழும் இடம்

நான்கு முதல் எட்டு வயதுவரை உள்ள குழந்தைக்கான படக்கதையில், கணவன் மனைவியை அடிப்பதைச் சிரிப்புக்குரியதாகக் காட்ட முடியாது. காட்டவும் கூடாது என்று நினைக்கிறேன். ஆனால் அந்த வீக்கத்தை அப்படியே நீக்கிவிட்டால் கதைக்கு முடிவே இல்லை. கொழுக்கட்டை என்ற சொல் திரும்பி வருவதற்கு அந்த வீக்கம்தான் வழி. ஆகவே நீக்குவதற்குப் பதிலாக வீக்கத்தை இடம் மாற்ற வேண்டும்.

நான் அதை அவன் நெற்றிக்கே மாற்றினேன். கோபித்துக்கொண்டு வேகமாக வெளியே கிளம்புகிறவன், தாழ்வான ஓட்டு வீட்டின் நிலைப்படியில் இடித்துக்கொள்கிறான். ‘அடடா, நெற்றி கொழுக்கட்டை போல வீங்கிவிட்டதே’ என்று மனைவி சொல்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டுவிட்டேன். தெரியாது என்பதற்காகப் பழி சுமந்தவளே அந்தச் சொல்லைச் சொல்வது நியாயமாகப்பட்டது. பாத்திரமும் ஒன்று குறைகிறது.

இப்படி ஒரு மாற்றம் செய்யும்போது புதியவர்கள் தவறவிடுவது, மாற்றியதற்கு முன்கூட்டியே விதை போடுவதை. நிலைப்படி திடீரென்று கதைக்குள் வந்தால் அது ஆசிரியர் வசதிக்காக வைத்த நிலைப்படியாகத் தெரியும். அவன் வீடு திரும்பும் படத்திலேயே மனைவி குனிந்து வாசலைக் கடப்பதாக ஓவியரிடம் கேட்டுக்கொண்டேன். உரையில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இரண்டாம் முறை படிக்கும்போது குழந்தைகளே அதைக் கண்டுபிடித்துக் காட்டுகிறார்கள். வாய்மொழிக் கதையில் அடி விழுந்தது மனைவிக்கு என்பதையும், அதை ஏன் மாற்றினீர்கள் என்பதையும் கடைசிப் பக்கத்தில் பெரியவர்களுக்கான குறிப்பாக இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். கதையைச் சிறுவயதில் கேட்ட பெற்றோருக்கு அந்த நேர்மை தேவைப்படும்.

32 பக்கங்களுக்குள் பகுத்தல்

அச்சிடும் தாள் மடிப்புக் கணக்கினால் ஆங்கிலப் படக்கதைகள் பெரும்பாலும் 32 பக்கங்களில் அமைகின்றன. முதல் பக்கம் தலைப்புக்கு, 2, 3 ஆம் பக்கங்கள் உரிமைக் குறிப்புக்கும் உள்தலைப்புக்கும் என்று ஒதுக்கினால், 4 முதல் 29 வரை எதிரெதிர்ப் பக்கங்களாகப் பதின்மூன்று விரிப்புகள் கதைக்குக் கிடைக்கும். 30, 31 சொல் விளக்கத்துக்கு. 32 கடைசிப் படத்துக்கு. உரை மொத்தம் 500 முதல் 600 ஆங்கிலச் சொற்களுக்குள் இருக்கட்டும். அதாவது ஒரு விரிப்புக்கு நாற்பது, நாற்பத்தைந்து சொற்கள்.

எழுதத் தொடங்குமுன் எட்டுத் தாள்களை அடுக்கி நடுவில் மடித்துத் தைத்து ஒரு மாதிரிப் புத்தகம் செய்துகொள்ளுங்கள். 32 பக்கங்கள் கையில் வந்துவிடும். பக்கம் திரும்பும் இடம் எது என்பது கணினித் திரையில் தெரியாது, கையில்தான் தெரியும். வலப்பக்கத்தின் முடிவில் ஓர் எதிர்பார்ப்பு நின்றால் குழந்தை தானாகவே தாளைப் புரட்டும். இந்தக் கதையில் அப்படிப்பட்ட இடம் இரண்டு. முதலாவது, 17 ஆம் பக்கத்தில் அவன் ஓடிவந்து ‘அத்திரி’ என்று காலைத் தூக்குவதோடு நிறுத்த வேண்டும். புரட்டினால் 18 இல் ‘பாச்சா!’ என்று அக்கரையில் நிற்கிறான். சொல்லையே இரண்டாகப் பிளந்து தாளுக்கு இரண்டு பக்கமும் வைத்ததால், குழந்தையின் கையும் வாய்க்காலைத் தாண்டுகிறது. மற்றொன்று, 27 ஆம் பக்கத்தில் இடிக்கும் ஓசையோடு நிறுத்தி, 28 இல் வீக்கத்தைக் காட்டுவது.

என் முதல் மாதிரியில் மாமியார் வீட்டு விருந்துக்கே ஆறு விரிப்புகள் செலவாகிவிட்டன. வாழை இலை, பந்தி, திண்ணை என்று நமக்குப் பிரியமானவற்றையெல்லாம் காட்ட ஆசைப்பட்டேன். வாசித்துக் காட்டியபோது குழந்தை நான்காவது விரிப்பில் எழுந்து போய்விட்டது. இப்போது விருந்து மூன்று விரிப்புகளில் முடிகிறது. நான்காவதில் அவன் வழியில் இறங்கிவிடுகிறான்.

சொல் விளக்கம் எங்கே, எவ்வளவு

விளக்கம் மூன்று இடங்களில் வரலாம்: வாக்கியத்துக்குள்ளேயே, படத்தில், அல்லது கடைசிப் பக்கத்தில். எது எங்கே என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். கதை புரிவதற்குத் தேவையானது வாக்கியத்துக்குள் வர வேண்டும். கண்ணால் பார்த்தாலே போதுமானது படத்துக்குப் போக வேண்டும். தெரியாவிட்டாலும் கதை நிற்காது, ஆனால் தெரிந்தால் மகிழ்ச்சி என்பவை கடைசிப் பக்கத்துக்கு. வேட்டி, பனைமரம், இட்லிப்பானை ஆகியவற்றை உரையில் பெயர் சொல்லாமலே ஓவியரிடம் ஒப்படைத்துவிட்டேன். உரையில் நிற்கும் தமிழ்ச் சொற்கள் ஐந்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் கொழுக்கட்டை ஒன்றே வாயில் நிற்க வேண்டியது; அதைச் சுற்றி மற்றச் சொற்கள் கூட்டம் போட்டால் அதன் இடம் பறிபோகும்.

கொழுக்கட்டைக்கு வாக்கியத்துக்குள் விளக்கம் தரும்போது, கதையை நிறுத்திவிட்டுப் பாடம் நடத்தாதீர்கள். ‘கொழுக்கட்டை, அதாவது அரிசி மாவில் செய்து ஆவியில் வேகவைக்கும் இனிப்புப் பலகாரம்’ என்று நான் முதலில் எழுதிய வாக்கியத்தில் ஆசிரியர் குரல்தான் கேட்கிறது. திருத்தியபோது அதையே செயலாக்கினேன்: மாமியார் மூடியைத் திறந்ததும் ஆவி பறக்கிறது, வெள்ளைவெளேரென்ற ஒன்றை அவன் கடிக்கிறான், மெல்லிய அரிசி மாவுக்குள்ளிருந்து சூடான தேங்காயும் வெல்லமும் வழிந்து மோவாயில் ஓடுகிறது, ‘இதற்கு என்ன பெயர்?’ என்று வாய் நிறையக் கேட்கிறான். பொருள் முதலில் வந்து, அதற்கான ஆவல் எழுந்த பிறகு பெயர் வருகிறது. பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவனுக்கும் குழந்தைக்கும் ஒரே நொடியில் நடக்கிறது.

உறவுச் சொற்களில் கவனம் தேவை. மாமியார் என்பதற்கான ஆங்கிலச் சொல்லைச் சுற்றி அந்த மொழியில் கசப்பான நகைச்சுவை நிறைய உண்டு. நம் கதையில் வருபவரோ மருமகனுக்குப் பார்த்துப் பார்த்துப் பரிமாறுகிறவர். ‘அவன் மனைவியின் அம்மா’ என்ற பொருளில் எழுதினால் அந்த நிழல் விழாது. மாப்பிள்ளைக்கு விருந்து ஏன் இத்தனை பெரிது என்பதை, ‘அவன் வருகிறான் என்று இரண்டு நாளாகச் சமைத்தாள்’ என்ற ஒரே வாக்கியம் உணர்த்திவிடும். வாய்மொழியில் அவனுக்குப் பெயர் இல்லை. ஆங்கிலத்தில் ஒவ்வொரு வரியிலும் ‘அந்த மனிதன்’ என்று எழுதினால் வறட்சியாக இருக்கும் என்பதால் முத்து என்று வைத்தேன். எந்த நாக்கும் எளிதில் சொல்லும் பெயர் அது.

கடைசிப் பக்க விளக்கம் ஒவ்வொன்றும் இருபது சொற்களுக்குள் இருக்கட்டும். ஒலிப்பு, பொருள், குழந்தைக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றோடு தொடர்பு ஆகிய மூன்றும் போதும். வெல்லத்துக்கு, ‘கரும்புச்சாற்றைக் காய்ச்சி இறுக்கிய பழுப்புச் சர்க்கரை, மிட்டாய் போலவும் கடிக்கலாம்’ என்ற அளவில் எழுதினேன். கொழுக்கட்டைக்கு, ‘அரிசி மாவைக் கிண்ணம்போல் செய்து, இனிப்பு வைத்து மூடி, ஆவியில் வேகவைப்பது, பிள்ளையாருக்குப் பிடித்தது’ என்பதோடு நிறுத்தினேன். விநாயகர் சதுர்த்தியின் வரலாற்றையும் அதற்குள் அடைக்க முயல்வது வேண்டாத வேலை.

ஒலிப்புக் குறிப்பில் ழகரம் ஒரு சிக்கல். இசட், எச் என்ற இரண்டு எழுத்துகளால் அதை எழுதுவது தமிழ்நாட்டு வழக்கம். தமிழ் தெரியாத குழந்தை அதை ‘ப்ளெஷர்’ என்ற சொல்லின் நடுவில் வரும் ஒலியாகப் படிக்கும். ஈழத்தமிழர் பலர் எல் என்ற ஒரே எழுத்தால் எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் லகரமாக ஒலிக்கும். எப்படியும் ஒரு குறை இருக்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்து நூல் முழுவதும் அதையே பின்பற்றி, ‘நாக்கை மேலே வளைத்து, அமெரிக்கர் ஆர் சொல்வதுபோல்’ என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன். தமிழ்ச் சொற்களைச் சாய்வெழுத்தில் இடவில்லை. ‘இது அந்நியச் சொல்’ என்று வீட்டில் அதைத் தின்று வளரும் குழந்தைக்கு ஏன் சுட்டிக்காட்ட வேண்டும்?

ஓவியருக்கு எழுதும் குறிப்பு

ஓவியருக்கான குறிப்பில் உரையில் சொன்னதைத் திரும்பச் சொல்லாதீர்கள். உரையில் இல்லாததும் படத்தில் இருந்தே ஆக வேண்டியதும் எவையோ அவற்றை மட்டும் எழுதுங்கள். இந்தக் கதைக்கு அப்படி இரண்டே குறிப்புகள்: நிலைப்படி தாழ்ந்திருக்க வேண்டும், கொழுக்கட்டையின் வடிவம் நெற்றி வீக்கத்தின் வடிவமாகவே இருக்க வேண்டும்.

இரண்டாவது குறிப்பில்தான் நான் நன்றாகத் தவறினேன். உச்சி கூம்பிய உருண்டையாக வரையச் சொன்னேன். தமிழ்நாட்டில் பலருக்குக் கொழுக்கட்டை என்றால் அந்த வடிவமும் நினைவுக்கு வரும், வீக்கத்துக்கும் பொருத்தம். மாதிரிப் படங்களைப் பார்த்த யாழ்ப்பாணக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி, ‘இது மோதகம்’ என்று உடனே சொல்லிவிட்டாள். அவர்கள் வீட்டில் உருண்டையாக இருப்பது மோதகம்; பிறை வடிவில் மடித்து விளிம்பைப் பல்போல் நெரித்திருப்பதுதான் கொழுக்கட்டை. உள்ளே பயறும் இருக்கும். லண்டனிலும் டொராண்டோவிலும் இந்த நூலைப் படிக்கப்போகும் தமிழ்க் குழந்தைகளில் கணிசமானவர்கள் ஈழத்துக் குடும்பத்தினர் என்பதால் இதை ஒதுக்கிவிட முடியவில்லை. பிறை வடிவ வீக்கமோ சிரிப்பை வரவழைக்காது. முடிவில் கதைக்குள் உருண்டையையே வைத்துக்கொண்டு, சொல் விளக்கப் பக்கத்தில் ஒரு தட்டு வரையச் சொன்னேன். உருண்டை, பிறை, விரல் பதிந்த பிடி கொழுக்கட்டை என்று மூன்றும் அதில் இருக்கின்றன. ‘உங்கள் வீட்டில் எது?’ என்று கீழே ஒரு கேள்வி மட்டும்.

அச்சுக்கான விவரங்கள் சில. படங்கள் 300 டிபிஐ அடர்த்தியில், நான்கு ஓரமும் வெட்டுக்காக 3 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். முகமோ எழுத்தோ நடு மடிப்பில் விழக் கூடாது. உரையைப் படத்தோடு ஒட்டாமல் கறுப்பு நிறத்தில் தனி அடுக்காக வைத்தால், பின்னால் பிரெஞ்சிலோ தமிழிலோ பதிப்பிக்கும்போது படத்தைத் தொடாமல் கறுப்பை மட்டும் மாற்றினால் போதும். ‘பாச்சா!’ போன்ற பெரிய ஓசைச் சொற்களை ஓவியர் கையால் வரைய ஆசைப்படுவார். அவற்றையும் தனி அடுக்கில் வரையச் சொல்லுங்கள்.

வாசித்துப் பார்த்தல்

அச்சுக்கு அனுப்புமுன், தமிழ் அறவே தெரியாத ஐந்தாறு வயதுக் குழந்தை ஒன்றுக்கு மாதிரிப் புத்தகத்தை வாசித்துக் காட்டுங்கள். வாசிப்பவரும் நீங்களாக இல்லாமல் தமிழ் தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது. அவர் எந்த எழுத்தில் தடுமாறுகிறார் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்ளலாம். உதவிக்குப் போகாதீர்கள்.

19 ஆம் பக்கத்தில் அவன் ‘அத்திரிபாச்சா, அத்திரிபாச்சா’ என்று நடக்கத் தொடங்கும் இடத்தில் வாசிப்பை நிறுத்தச் சொல்லுங்கள். குழந்தை சிரித்தாலோ, ‘தப்பாகச் சொல்கிறான்’ என்றாலோ விளக்கம் தன் வேலையைச் செய்துவிட்டது. பேசாமல் அடுத்த படத்துக்காகக் காத்திருந்தால் கொழுக்கட்டை இன்னும் வாயில் ஏறவில்லை என்று பொருள். அப்போது கடைசிப் பக்க விளக்கத்தைத் திருத்திப் பயனில்லை; 8 முதல் 17 வரையுள்ள பக்கங்களுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.

எனக்கு இரண்டாம் வாசிப்பிலும் அது வாய்க்கவில்லை. காரணம் தேடியபோது, நடக்கும் பக்கங்களில் மாடு, குயில், பனைமரம் என்று ஒவ்வொன்றையும் வருணித்து, அந்தச் சொல் ஒவ்வொரு முறையும் வாக்கியத்தின் நடுவில் புதைந்துபோகும்படி எழுதியிருந்தது தெரிந்தது. ஒவ்வொரு பத்தியும் கொழுக்கட்டையில் முடியும்படி மாற்றினேன். மூன்றாம் முறை வாசித்தபோது 12 ஆம் பக்கத்திலேயே குழந்தை சேர்ந்து சொல்லத் தொடங்கியது; 19 ஆம் பக்கம் வந்ததும் கையால் புத்தகத்தை மறைத்துக்கொண்டு, ஆங்கிலச் சாயலோடு, ழகரம் கொஞ்சம் தேய்ந்துபோக, ‘கொழுக்கட்டை’ என்று திருத்தியது. அந்தப் படியைத்தான் அச்சுக்கு அனுப்பினேன்.